மசாஜும் நீல டேப்பும் ஓட்டக்காரரின் காலில் உண்மையில் என்ன செய்கின்றன?

கேள்வி: என் மகள் கல்லூரியில் 400 மீட்டர் ஓடுகிறாள். போட்டி இரண்டு நாள். முதல் நாள் சாயங்காலம் ஹீட்ஸ், மறுநாள் காலையில் ஃபைனல். ஓடி முடித்ததும் மசாஜ் செய்தால் லாக்டிக் ஆசிட் வெளியேறிவிடும் என்கிறார்கள். பின்தொடையில் நீல நிற டேப்பும் ஒட்டிவிடுகிறார்கள். இரண்டுக்கும் காசு ஆகிறது. இவை நிஜமாகவே என்ன செய்கின்றன? ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

பதில்: மசாஜ் வலியையும் இறுக்கத்தையும் கொஞ்சம் குறைக்கும். ஓட்டத்தின் வேகத்தைக் கூட்டாது, லாக்டிக் ஆசிடை வெளியேற்றாது. டேப் அதைவிடக் குறைவாகவே செய்கிறது. சிலருக்குச் சில மணி நேரம் வலி மட்டுப்படும், அவ்வளவுதான். இரண்டும் தசையை மாற்றுவதில்லை, தசையிலிருந்து மூளைக்குப் போகிற சேதியைத்தான் மாற்றுகின்றன. அதனால் அவற்றைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. இரவு நன்றாகத் தூங்கி, காலையில் கால் லேசாக இருக்கிறது என்று நம்பிக் களத்தில் இறங்குவதற்கும் ஒரு மதிப்பு உண்டு. ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். எங்கே இவை கெடுதல் செய்யும் என்பது அதைவிட முக்கியம்.

முதலில் லாக்டிக் ஆசிட் விஷயம். 400 மீட்டர் ஓடி முடித்தவரின் ரத்தத்தில் லாக்டேட் உச்சத்துக்கு ஏறும் என்பது உண்மை. சும்மா இருக்கும்போது ஒரு லிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 1 மில்லிமோல் இருப்பது, இந்த ஓட்டத்துக்குப் பிறகு 15, 20 என்று போகும். ஓடி முடித்த சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு, பிறகு தானாகவே இறங்கத் தொடங்கும். சும்மா உட்கார்ந்திருந்தாலே ஏறத்தாழ இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். மெதுவாக ஓடிக்கொண்டோ நடந்துகொண்டோ இருந்தால் இன்னும் சீக்கிரம் இறங்கும். ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் கிட்டத்தட்ட பழைய நிலைக்கு வந்துவிடும். ஐந்து மணிக்கு ஹீட்ஸ் ஓடிவிட்டு ஏழு மணிக்கு மசாஜ் மேசையில் படுப்பவர் உடம்பில் வெளியேற்றுவதற்கு எதுவும் மிச்சம் இருக்காது. தவிர, லாக்டேட் ஒன்றும் கழிவு இல்லை. இதயமும் மற்ற தசைகளும் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. கல்லீரல் அதைத் திரும்பவும் குளுக்கோஸாக மாற்றுகிறது.

மறுநாள் வருகிற வலிக்கும் லாக்டேட்டுக்கும் சம்பந்தம் இல்லை. தசை நீண்டுகொண்டே விசையைத் தாங்கும்போது, உதாரணமாக வேகமாக வீசிய காலைப் பின்தொடை இழுத்து நிறுத்தும்போது, தசை நார்களில் மிக நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அதைச் சீர்செய்ய உடம்பு அனுப்பும் அழற்சிதான் வலிக்கிறது. ஓடி முடித்த மறுநாள் தொடங்கி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சம் பெறும். லாக்டேட் போய் ஒரு நாள் கழித்து வரும் வலிக்கு லாக்டேட்டைக் காரணம் சொல்வது, நேற்றே ஊருக்குப் போனவர் மேல் இன்றைய திருட்டைப் போடுவது மாதிரி.

மசாஜ் ரத்த ஓட்டத்தைக் கூட்டும் என்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். 1997ல் கனடாவில் டாப்ளர் அல்ட்ராசவுண்ட் வைத்து, கை கால்களை மசாஜ் செய்யும்போது தமனியில் போகும் ரத்தத்தை அளந்தார்கள். மசாஜால் ஓட்டம் கூடவில்லை. லேசாகத் தசையை அசைத்ததில் கூடியது. 2010ல் அதே நாட்டில் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு படி மேலே போனார்கள். 12 பேர், கைப்பிடிக் கருவியைத் தங்கள் முழு பலத்தில் 40 சதவீதத்துக்கு இரண்டு நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு ஒரு முறை சும்மா ஓய்வு, ஒரு முறை லேசான அசைவு, ஒரு முறை மசாஜ். மசாஜ் செய்தபோது முன்கைக்குப் போன ரத்தம் குறைந்தது, லாக்டேட் வெளியேறியதும் குறைந்தது. காரணம் எளிமையானது: ஒவ்வொரு முறை உருவும்போதும் கை, ரத்தக்குழாயையும் சேர்த்துத்தான் அமுக்குகிறது. இது முன்கையில், சின்ன அளவில் செய்த ஆய்வு. தொடைக்கும் அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் "மசாஜ் லாக்டிக் ஆசிடை விரட்டுகிறது" என்று சொல்கிறவர்களிடம் இந்த அளவுக்குக்கூட ஆதாரம் கிடையாது.

அப்படியானால் மசாஜ் என்னதான் தருகிறது? 2020ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்தவர்கள் 29 ஆய்வுகளை, மொத்தம் 1012 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பலம், குதிக்கும் உயரம், ஸ்பிரிண்ட், தாக்குப்பிடிக்கும் திறன் எதிலும் முன்னேற்றம் இல்லை. இரண்டு விஷயங்களில் மட்டும் சிறிய பலன் தெரிந்தது. மறுநாள் வலி ஏறத்தாழ 13 சதவீதம் குறைந்தது. உடல் வளையும் தன்மை ஏறத்தாழ 7 சதவீதம் கூடியது. 2018ல் வந்த இன்னொரு பெரிய தொகுப்பாய்வு ஐஸ் தண்ணீர், இறுக்க உடை, ஸ்ட்ரெச்சிங், மசாஜ் என்று மீட்பு முறைகளை ஒப்பிட்டது. வலியையும் களைப்புணர்வையும் குறைப்பதில் மசாஜ்தான் முதலிடம். ஆகவே "மசாஜ் வீண்" என்பதும் தவறு. அது குறைப்பது உணரப்படுகிற வலியை, உணரப்படுகிற களைப்பை. அதில் அது நன்றாகவே வேலை செய்கிறது.

உங்கள் மகளின் நிலைமைக்கு நெருக்கமான ஒரு சோதனை கலிஃபோர்னியாவில் நடந்தது. வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் என்னும் 161 கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டத்தை முடித்தவர்கள் 72 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 20 நிமிட மசாஜ், ஒரு பிரிவுக்குக் காற்றடைத்து அமுக்கும் கருவி, மூன்றாவது பிரிவுக்குச் சும்மா படுத்து ஓய்வு. மசாஜ் முடிந்த உடனே வலியும் களைப்பும் குறைந்ததாகச் சொன்னார்கள். பிந்தைய நாட்களில் மூன்று பிரிவுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் அவர்களை 400 மீட்டர் முடிந்த வேகத்தில் ஓடச் சொன்னார்கள். நேரத்தில் வித்தியாசமே இல்லை.

இதன் பின்னால் இருப்பது நரம்புகளின் வேலை. தோலிலும் தசையிலும் உள்ள தொடு உணர்வு நரம்புகள் தொடர்ந்து சேதி அனுப்பும்போது, அதே பகுதியிலிருந்து வரும் வலிச் சேதியைத் தண்டுவடம் ஓரளவு மட்டுப்படுத்துகிறது. அடிபட்ட இடத்தை நாம் தேய்த்துவிட்டுக்கொள்வது இதனால்தான். மூச்சும் இதயத் துடிப்பும் தணிகின்றன, தசை தன் விறைப்பைக் கொஞ்சம் விடுகிறது. "முடிச்சை உடைத்தேன்", "சவ்வைப் பிரித்துவிட்டேன்" என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தொடையின் வெளிப்புறம் இருக்கும் கெட்டிச் சவ்வின் வடிவத்தை ஒரு சதவீதம் மாற்றுவதற்கே கையால் தர முடியாத விசை வேண்டும் என்று 2008ல் வந்த கணக்கு ஒன்று காட்டியது. கைக்குக் கீழே முடிச்சு இளகியதுபோல் தெரிவது உண்மைதான். இளகியது தசையின் விறைப்பு, சவ்வு இல்லை.

மசாஜுக்கு ஆதரவாக அதிகம் காட்டப்படுவது 2012ல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் செய்த ஆய்வு. 11 இளைஞர்களைச் சோர்ந்து போகும்வரை சைக்கிள் மிதிக்கவைத்து, ஒரு தொடைக்கு மட்டும் 10 நிமிடம் மசாஜ் செய்து, இரண்டு தொடைகளிலிருந்தும் ஊசியால் துளித் தசை எடுத்துப் பார்த்தார்கள். மசாஜ் செய்த தசையில் அழற்சிக்கான சைகைகள் குறைந்திருந்தன. லாக்டேட்டில் மாற்றம் இல்லை. செய்தித்தாள்கள் இதை "மசாஜ் தசையைக் குணமாக்குகிறது" என்று போட்டன. அந்தக் கால் அதன் பிறகு நன்றாக வேலை செய்ததா என்று ஆய்வு செய்தவர்கள் பார்க்கவே இல்லை. செல்லுக்குள் ஒரு சைகை மாறுவதற்கும், ஃபைனலில் அரை வினாடி குறைவதற்கும் நடுவே ரொம்ப தூரம்.

ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மருந்தைச் சோதிக்கும்போது, ஒப்பிட்டுப் பார்க்கச் சிலருக்கு வெறும் மாவு மாத்திரையைக் கொடுத்து ஏமாற்றலாம். மசாஜில் அது முடியாது. தனக்கு மசாஜ் செய்தார்களா இல்லையா என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் அந்த 13 சதவீதத்தில் எவ்வளவு கையால் வந்தது, எவ்வளவு நம்பிக்கையால் வந்தது என்று யாராலும் பிரிக்க முடியவில்லை.

இதையெல்லாம் வைத்து அந்த முதல் நாள் சாயங்காலத்தைத் திட்டமிடலாம். ஓடி முடித்ததும் படுக்கவோ உட்காரவோ வேண்டாம். 10 முதல் 15 நிமிடம் நடையும் மெதுவான ஓட்டமும். லாக்டேட்டை இறக்குகிற வேலையை இதுதான் செய்கிறது, காசும் கிடையாது. அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் சாப்பாடு. உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் மாவுச்சத்து, அதாவது 50 கிலோ எடைக்கு இரண்டு நடுத்தர வாழைப்பழம் அளவு, கூடவே பாலோ முட்டையோ. அதன் பிறகு, ஓடி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து மசாஜ். ஒரு காலுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும்.

குப்புறப் படுக்கவைத்து, கணுக்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கி, பின்தொடையும் கெண்டைக்காலும் தளரும். ஒரு காலுக்கு ஒன்றிரண்டு டீஸ்பூன் எண்ணெய். எந்த எண்ணெய் என்பது முக்கியம் இல்லை. தேங்காய் எண்ணெயே போதும். வலி நிவாரணத் தைலம் போட்டால் வரும் சூடு தோலில் மட்டும்தான், ஆழத்தில் இல்லை. முதல் இரண்டு மூன்று நிமிடம் உள்ளங்கை முழுதும் படும்படி கீழிருந்து மேலாக நீண்ட நீவல். பிறகு ஐந்தாறு நிமிடம் சதையைக் கைக்குள் எடுத்துப் பிசைவது. முழங்காலுக்குப் பின்னால் உள்ள குழியில் அழுத்தக் கூடாது. ரத்தக்குழாயும் நரம்பும் அங்கே மேலாகவே ஓடுகின்றன. கடைசியில் மறுபடி மெதுவான நீவல்.

அழுத்தம் எவ்வளவு என்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. பத்துக்கு எத்தனை வலி என்று படுத்திருப்பவரைக் கேட்டால் நான்கு, ஐந்துக்கு மேல் போகக் கூடாது. அவர் மூச்சைப் பிடித்தாலோ, கால் விரல்களை மடக்கினாலோ, மேசையைப் பற்றிக்கொண்டாலோ அழுத்தம் அதிகம். வாயால் "பரவாயில்லை" என்று சொன்னாலும் அதை நம்ப வேண்டாம். "வலித்தால்தான் பலன்" என்று முழங்கையால் குத்துகிற ஆழமான மசாஜ் மறுநாள் தசையை நோகவைக்கும், சில சமயம் கன்றிப்போகும். காலையில் ஃபைனல் இருக்கும்போது அது தற்கொலை. ஆழமான மசாஜ் வேண்டுமென்றால் போட்டிக்கு மூன்று நாள் முன்பே முடித்துவிட வேண்டும். அதையும் ஏற்கெனவே செய்து பழகியவர்தான் செய்துகொள்ள வேண்டும். மிதமிஞ்சிய மசாஜால் தசை நார்கள் சிதைந்து, சிறுநீர் தேநீர் நிறத்துக்கு மாறி, சிறுநீரகம் வரை பாதிக்கப்பட்டவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவு உண்டு. அரிதுதான். ஆனால் மசாஜுக்குப் பிறகு சிறுநீர் நிறம் அடர்ந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

ஃபைனல் காலையில் நீண்ட மசாஜ் வேண்டாம். ஓட்டத்துக்கு முன் மெதுவாக நீண்ட நேரம் மசாஜ் செய்தால் ஸ்பிரிண்ட் கூடுவதாக எந்த ஆய்வும் உறுதியாகக் காட்டவில்லை. சிலவற்றில் சற்றுக் குறைந்திருக்கிறது. தசையைத் தளரவைத்துவிட்டு உடனே வெடிக்கச் சொல்வது பொருத்தமில்லாத வேலை. அந்த நேரத்தை வார்ம் அப்புக்குக் கொடுங்கள். பழக்கமாகிவிட்டது, இல்லாவிட்டால் மனசு கேட்காது என்றால் வார்ம் அப்புக்கு முன்னால் இரண்டு மூன்று நிமிடம் வேகமான, லேசான நீவலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொன்றைப் பெற்றோரிடம் சொல்லியே ஆக வேண்டும். மசாஜ் செய்பவர் பெண்ணாக இருக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும், நீங்களோ அணியின் பெண் பொறுப்பாளரோ அறையில் இருங்கள். தொடை மசாஜுக்கு அரைக்கால் டிராயரை அவிழ்க்க வேண்டிய அவசியம் எப்போதும் கிடையாது.

மசாஜ் கெடுதல் செய்கிற இடம் புதுக் காயம். ஓடும்போது பின்தொடையில் 'சுருக்' என்று குத்தி, அடுத்த அடி வைக்க முடியாமல் நின்றால், அது பிடிப்பு இல்லை, தசை கிழிந்திருக்கிறது. விரல் நுனியால் தொட்டால் ஒரு புள்ளியில் மட்டும் சுள்ளென்று வலிக்கும். குப்புறப் படுத்து, பிறர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள முழங்காலை மடக்கினால் அதே புள்ளி வலிக்கும். ஒன்று முதல் மூன்று நாளில் கன்றிய நிறம் தோன்றும். பெரும்பாலும் காயத்துக்குக் கீழே, முழங்காலுக்குப் பின்புறம் இறங்கி வந்து தெரியும். சாதாரணச் சதைப்பிடிப்போ, இரண்டு காலிலும் பரவலாக, மந்தமாக, நடக்க நடக்கக் குறைவதாக இருக்கும். நம் ஊரில் எதுவானாலும் சுளுக்கு வழிக்கிறவரிடம் கூட்டிப் போவது வழக்கம். கிழிந்த இடத்தை முதல் இரண்டு மூன்று நாளில் உருவினால், உறைய வேண்டிய ரத்தம் மறுபடி கசியும், கட்டிப்போகும், திரும்பி வருகிற நாள் தள்ளிப்போகும். முன்தொடையில் முழங்கால் பட்டு அடிவாங்கிய இடத்தை ஆழமாகத் தேய்த்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. தசைக்குள் தேங்கிய ரத்தம் சில வாரங்களில் எலும்பாக இறுகிவிடலாம். பிறகு முழங்காலை முழுதாக மடக்கவே மாதங்கள் பிடிக்கும். நீண்ட பஸ், ரயில் பயணத்துக்குப் பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தாலும் கை வைக்கக் கூடாது. உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம். முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இனி டேப். இதை 1970களில் உருவாக்கியவர் ஜப்பானைச் சேர்ந்த கென்சோ காஸே. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கடற்கரை வாலிபால் வீராங்கனை கெர்ரி வால்ஷின் தோளில் கறுப்பு டேப்பாகத் தெரிந்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. பருத்தித் துணி, பின்னால் அலையலையாகத் தடவிய அக்ரிலிக் பசை, 5 சென்டிமீட்டர் அகலம், ரோலுக்கு வழக்கமாக 5 மீட்டர். நீளவாக்கில் மட்டும் இழுபடும். தன் நீளத்தைவிட 40 முதல் 60 சதவீதம்வரை நீளும். நிறத்துக்கும் வேலைக்கும் சம்பந்தம் இல்லை. நீலம் குளிர்ச்சி, சிவப்பு சூடு என்பதெல்லாம் கடைக்காரர் பேச்சு.

டேப் தசைக்குப் பலம் தரும் என்பதைச் சோதிக்க ஹாங்காங்கில் ஒரு கெட்டிக்காரத்தனமான ஆய்வு செய்தார்கள், 2015ல் வெளியானது. இந்த டேப்பைப் பற்றி எதுவுமே தெரியாத 30 பேரைத் தேடிப் பிடித்தார்கள். டேப் ஒட்டுவது தசையின் இயக்கத்தை அளக்கும் சென்சாருக்காக என்று சொல்லிவிட்டார்கள். ஒரு முறை முறைப்படி இழுத்து ஒட்டினார்கள், ஒரு முறை இழுக்காமல் சும்மா ஒட்டினார்கள், ஒரு முறை ஒட்டவில்லை. முழங்காலை நீட்டும் விசையில் மூன்றுக்கும் வித்தியாசம் இல்லை. நம்பிக்கையைக் கழித்துவிட்டால் பலமும் கழிந்துவிடுகிறது. அதே ஆண்டு 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் ஆரோக்கியமான தசையின் பலம் டேப்பால் கூடவில்லை என்றே எழுதினார்கள். யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. டேப் இழுக்கும் விசையை இரண்டு விரலால் தடுத்து நிறுத்திவிடலாம். முழு வேகத்தில் ஓடும்போது பின்தொடைத் தசைகள் தாங்குவதோ உடல் எடையைப் போலப் பல மடங்கு.

தோலைத் தூக்கி, அடியில் ரத்தமும் நிணநீரும் ஓட இடம் கொடுக்கிறது என்பது அடுத்த விளக்கம். டேப்பில் விழும் சுருக்கங்களைக் காட்டி இதைச் சொல்வார்கள். பிரேசிலில் நாள்பட்ட முதுகுவலி உள்ள 148 பேரில் பாதிப் பேருக்குச் சுருக்கம் விழும்படி இழுத்தும், பாதிப் பேருக்குச் சுருக்கமே விழாதபடி இழுக்காமலும் நான்கு வாரம் ஒட்டினார்கள். இரு பிரிவுக்கும் வலி ஒரே அளவு குறைந்தது. அதாவது சுருக்கத்துக்கு எந்தப் பங்கும் இல்லை. பிசியோ படிப்புகளில் இன்னும் கற்பிக்கப்படுகிற "தசை தொடங்குமிடத்திலிருந்து ஒட்டினால் ஊக்கும், முடியுமிடத்திலிருந்து ஒட்டினால் தளர்த்தும்" என்கிற விதிக்கும் இதே கதிதான். திசை மாற்றி ஒட்டிப் பார்த்த ஆய்வுகளில் அப்படி ஒரு வித்தியாசம் நிலைக்கவில்லை.

டேப்புக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்வதானால் 2008ல் வந்த தோள்வலி ஆய்வைச் சொல்லலாம். தோள் வலியுள்ள 42 கல்லூரி மாணவர்களில் முறைப்படி டேப் ஒட்டியவர்களுக்கு, வலியில்லாமல் கையைத் தூக்க முடிந்த அளவு ஒட்டிய உடனே ஏறத்தாழ 17 டிகிரி கூடியது. மூன்றாம் நாளும் ஆறாம் நாளும் அந்த வித்தியாசம் இல்லை. தோலில் ஏதோ இழுக்கிற உணர்வு வலிச் சேதியைக் கொஞ்ச நேரம் மட்டுப்படுத்துகிறது என்று வைத்துக்கொள்ளலாம். வலியால் ஒரு அசைவுக்கே பயப்படுகிறவருக்கு அந்தக் கொஞ்ச நேரம் உதவும்.

கணுக்காலுக்குப் போடும் வெள்ளை டேப்பை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது இழுபடாதது, மூட்டு திரும்புவதைத் தடுக்கவே போடுவது. ஏற்கெனவே கணுக்கால் சுளுக்கியவருக்கு மறுபடி சுளுக்காமல் காக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஐஸ்லாந்தில் விளையாட்டு வீரர்களைத் திடீரென்று சரியும் பலகையில் நிற்கவைத்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். வெளிப்புறக் கெண்டைத் தசையின் வேலை வெள்ளை டேப்பில் கூடியது, இழுபடும் டேப்பில் மாற்றம் இல்லை. சுளுக்கிய கணுக்காலில் நீல டேப்பை ஒட்டிவிட்டுப் பாதுகாப்பு என்று நினைத்து ஓடுவதுதான் இந்தத் துறையில் நடக்கும் பெரிய ஏமாற்று.

இவ்வளவுக்குப் பிறகும் அவளுக்கு டேப் பிடித்திருக்கிறது என்றால் ஒட்டட்டும், ஆனால் தோல் கெடாமல். முதல் நாள் மசாஜ் எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, வியர்வை காய்ந்த பிறகு, ஓட்டத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் ஒட்ட வேண்டும். நின்றபடி இடுப்பை முன்னால் மடக்கிப் பின்தொடையை நீட்டச் சொல்லுங்கள். உட்காரும் எலும்புக்குச் சற்றுக் கீழிருந்து முழங்காலுக்குச் சற்று மேல்வரை அளந்தால் 28 சென்டிமீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரு முனைகளிலும் 4 சென்டிமீட்டர் இழுக்காமல் ஒட்ட வேண்டிய பகுதி. நடுவில் 20 சென்டிமீட்டர். அதில் 25 சதவீதம் இழுவை வேண்டுமானால் 16 சென்டிமீட்டர் டேப்பை 20க்கு நீட்ட வேண்டும். ஆகவே வெட்ட வேண்டியது 4, 16, 4 சேர்த்து 24 சென்டிமீட்டர். இரண்டு பட்டை போட்டால் அரை மீட்டர். ஒரு ரோல் பத்து முறைக்கு வரும். காகிதத்தில் இருக்கும்போதே டேப் பத்துச் சதவீதம்போல இழுபட்டுத்தான் இருக்கும் என்பதால் கையில் இதற்குமேல் இழுக்கத் தேவையில்லை. மூலைகளை வட்டமாக வெட்டிவிடுங்கள், துணியில் மாட்டி உரியாது. ஒட்டியதும் உள்ளங்கையால் தேய்த்துச் சூடேற்றினால்தான் பசை பிடிக்கும்.

தோலில் கொப்புளம் வருவதற்கு அநேகமாக எப்போதும் ஒரே காரணம்: முனைகளையும் இழுத்து ஒட்டியிருப்பார்கள். முழு இழுவையும் அந்தக் கடைசி அங்குலத்தில் தோலைப் பிய்க்கும். அரித்தால், எரிந்தால் "பழகிவிடும்" என்று விடாமல் உடனே எடுத்துவிட வேண்டும். புது பிராண்ட் என்றால் போட்டிக்குச் சில நாள் முன்னால் இரண்டு சென்டிமீட்டர் துண்டை உள் தொடையில் ஒரு நாள் ஒட்டிப் பார்க்கலாம். எடுக்கும்போது டேப்மேல் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டு, முடி வளர்ந்த திசையில், டேப்பை மேலே இழுக்காமல் தோலைக் கீழே அழுத்தியபடி மெதுவாகச் சுருட்டி எடுக்க வேண்டும்.

ஒட்டுவதற்கு முன்னால் ஒன்று. டேப் இல்லாமல் 60 மீட்டர் மூன்று முறை ஓடிப் பார்க்கட்டும்: முதலில் எழுபது சதவீத வேகம், பிறகு எண்பது, பிறகு தொண்ணூறு. வலி பத்துக்கு மூன்றைத் தாண்டினாலோ, ஒரு காலின் எட்டு குறுகினாலோ, அவளே அறியாமல் வேகத்தைப் பிடித்துவைத்தாலோ ஃபைனல் வேண்டாம். டேப் ஒட்டிய பிறகு இதே சோதனையைச் செய்தால் பதில் பொய்யாக வரலாம். வலியை மட்டுப்படுத்துகிற எந்தப் பொருளுக்கும் இந்தக் கெட்ட குணம் உண்டு.

பின்தொடை பிடித்துக்கொள்வதுதான் உங்கள் கவலை என்றால், காசில்லாத ஒரு பயிற்சிக்கு இவை இரண்டையும்விட வலுவான ஆதாரம் இருக்கிறது. டென்மார்க்கில் 942 கால்பந்து வீரர்களிடம் செய்து 2011ல் வெளியிட்டார்கள். முட்டி போட்டு நின்று, ஒருவர் கணுக்கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்ள, இடுப்பை மடக்காமல் உடம்பை நேராக வைத்து முடிந்தவரை மெதுவாக முன்னால் சாய்ந்து, கடைசியில் கையை ஊன்றி விழ வேண்டும். நார்டிக் என்பார்கள். இதைச் செய்த அணிகளில் பின்தொடைக் காயம் 15, செய்யாத அணிகளில் 52. அவர்கள் ஆண்கள், கால்பந்துக்காரர்கள் என்பதை நினைவில் வையுங்கள். ஆனால் பிற விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்விலும் காயம் பாதியாகத்தான் வந்தது. முதல் வாரம் ஒரே நாள், ஐந்து ஐந்தாக இரண்டு முறை. இரண்டாம் வாரம் இரண்டு நாள், ஆறு ஆறாக இரண்டு முறை. மூன்றாம் வாரத்திலிருந்து வாரம் மூன்று நாள், மும்மூன்று சுற்று. எண்ணிக்கையைச் சிறிது சிறிதாகக் கூட்டி ஐந்தாம் வாரத்தில் 12, 10, 8 என்ற மூன்று சுற்றுக்கு வர வேண்டும். மொத்தம் பத்து வாரம். ஓட்டப் பயிற்சி முடிந்த பிறகு செய்யட்டும், முன்னால் வேண்டாம். இதைப் போட்டிகள் இல்லாத மாதத்தில் தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் பின்தொடை நன்றாகவே வலிக்கும்.